பாத்திர சோப்பு: ஸ்கீமைப் பார்த்து வாங்குவதா, சரக்கைப் பார்த்து வாங்குவதா?

நாம் கடைக்கு வந்து உட்கார்ந்த 1980-களில் பாத்திரம் துலக்குவதற்கென்று கடையில் தனியாக வைத்திருந்த சரக்கு பவுடர் ஒன்றுதான். அதையும் வாங்காமல் அடுப்புச் சாம்பலும் புளிச் சக்கையும் தேங்காய் நாருமாகவே முடித்துக்கொண்ட வீடுகள் ஏராளம். இன்று அதே கடையில் கட்டி சோப்பு, டப்பா சோப்பு, பாட்டில் திரவம், பாக்கெட் திரவம், பச்சை நார், கம்பி நார், பஞ்சு என்று ஒரு ரேக் முழுவதும் இதற்கே போகிறது. ஆனால் இந்தச் சரக்கை நம் வியாபார அன்பர்கள் எப்படிக் கொள்முதல் செய்கிறார்கள் என்று பார்த்தால், அரிசியையோ பருப்பையோ கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட இதை ஸ்கீமைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பன்னிரண்டுக்கு மூன்று இலவசமா, பெட்டிக்கு ஒரு பக்கெட்டா என்பதே பேச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சு எழுவதில்லை.

உள்ளே இருப்பதைக் கடையிலேயே ஓரளவு சோதித்துப் பார்த்துவிடலாம். அதற்குத் தேவையானவை ஒரு டம்ளர், கொஞ்சம் மஞ்சள் தூள், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கண்ணாடித் துண்டு ஆகியவைதான். எப்படி என்று சொல்வதற்கு முன், இந்தச் சரக்கு எதனால் ஆனது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறோம்.

சோப்பு என்று சொல்கிறோமே தவிர, பாத்திரம் துலக்கும் கட்டி உண்மையில் சோப்பு அல்ல. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துக் காய்ச்சுவதுதான் சோப்பு. அது உப்புத் தண்ணீரில் நுரைக்காது. திரிதிரியாகப் பிரிந்து பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பாத்திரக் கட்டியில் வேலை செய்வது ஆசிட் ஸ்லரி என்று நம் பக்கத்தில் வழங்கும் கெட்டியான பழுப்புத் திரவம். பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது அமிலம். அதில் சோடா உப்பைச் சேர்த்து அமிலத்தைத் தணித்தால் அழுக்கு நீக்கும் சரக்கு கிடைக்கிறது. அதோடு சுண்ணாம்புக்கல் மாவு, களிமண் மாவு போன்றவற்றைப் பாதிக்கு மேல் சேர்த்துப் பிசைந்து அழுத்தினால் கட்டி தயார். மாவு சேர்ப்பது கலப்படம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தேய்ப்பதற்குக் கரகரப்பு வேண்டும், கட்டிக்கு உருவமும் வேண்டும்; இரண்டையும் கொடுப்பது அந்த மாவுதான். எந்த மாவு, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

எண்ணெயை இது எப்படி எடுக்கிறது? இந்தச் சரக்கின் ஒவ்வொரு அணுக்கூட்டத்திற்கும் ஒரு தலை, ஒரு வால் உண்டு. தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் சின்னச் சின்ன உருண்டையாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடுகிறது. எண்ணெய் அதிகமாக ஆக, குத்துவதற்கு வால்கள் மிச்சமிருக்காது. அப்போது நுரை அடங்கிவிடும், தட்டு மீண்டும் வழுக்க ஆரம்பிக்கும். இல்லத்தரசிகள் நுரை நின்றதும் மறுபடி சோப்பைத் தொட்டுக்கொள்வது இதனால்தான். அவர்கள் செய்வது சரியே.

இதில் இன்னொரு வழியும் உண்டு. சோடா உப்பும் எண்ணெயை ஓரளவு கரைக்கும். அது ஆசிட் ஸ்லரியைவிட மிகவும் மலிவு. எனவே செலவைக் குறைக்க நினைக்கும் சிறு தயாரிப்பாளர் ஸ்லரியைக் குறைத்து சோடாவைக் கூட்டிவிடுகிறார். வேறொரு காரணமும் உண்டு. ஸ்லரி முழுவதும் தணிந்ததா என்று அளந்து பார்க்க வசதி இல்லாதவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை சோடாவை அதிகமாகவே போடுகிறார். இப்படி வரும் கட்டி மோசமாக வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கும். முதல் மாதம் வாடிக்கையாளர் புகழ்ந்துகூடப் பேசுவார். அந்தச் சோடா பாத்திரத்திலுள்ள எண்ணெயோடு நிற்காமல் கையிலுள்ள எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது என்பது பிறகுதான் தெரியவரும்.

நமது வாடிக்கையாளர் ஒருவர் மதியச் சாப்பாடு மட்டும் போடும் மெஸ் நடத்துகிறார். ஒரு நாள் ரப்பர் கையுறை இருக்கிறதா என்று கேட்டு வந்தார். எதற்கு என்று விசாரித்தோம். பாத்திரம் கழுவும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, இடுக்குகளில் தோல் உரிந்து, சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லையாம். வேலையை விட்டு நின்றுவிட்டார். மற்றவருக்கும் கை சிவந்து எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதான காலத்தில் அவருக்கு இது பெரிய இடைஞ்சல். என்ன சோப்பு என்று கேட்டபோது, வண்டியில் கொண்டு வந்து மொத்தமாக இறக்கும் பேர் தெரியாத கட்டி என்றார். ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம்.

மேலுறையில் பெரிதாக எலுமிச்சம்பழப் படம். தயாரித்தவர் விலாசம் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. நாம் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். இதை நீங்கள் எந்தக் கட்டிக்கும் செய்யலாம்.

முதலில் கார சோதனை. கட்டியிலிருந்து ஒரு கிராம் அளவு சுரண்டி, 100 மில்லி கேன் தண்ணீரில் கரைக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் கணக்கைக் கெடுத்துவிடும். பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் பி.எச். தாள் என்று ஒரு சிறு புத்தகமாகக் கிடைக்கும். அதில் ஒரு சீட்டைக் கிழித்து நனைத்து, அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். 7 என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. அதற்கு மேலே போகப் போகக் காரம். நம் தோலின் மேற்பரப்பு 5, 5.5 என்ற அளவில் லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. பாத்திரக் கட்டி என்றாலே கொஞ்சம் காரம் இருக்கும். 10-ஐ ஒட்டி இருந்தால் குறை சொல்வதற்கில்லை. 11-ஐ எட்டிவிட்டால் சோடா கை மீறிப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். ஆகவே 10-க்கும் 11-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று இருந்துவிடக் கூடாது. மெஸ்காரர் கொண்டுவந்த கட்டியில் சீட்டு கருநீலமாகிவிட்டது.

பி.எச். தாள் கிடைக்காதவர்களுக்கு மஞ்சள் தூளே போதும். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். காரம் பட்டால் அது சிவக்கும். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டதும் சிவப்பது எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் நல்ல கட்டியிலும் தாள் சிவக்கும் என்பதால், ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு கட்டிகளை ஒரே எடை, ஒரே அளவு தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, இரண்டிலும் சம அளவாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் தாளை நனைத்துப் பாருங்கள். எது கடைசிவரை சிவக்க வைக்கிறதோ அதில்தான் சோடா அதிகம். பாட்டில் திரவத்தில் இந்தத் தாள் சிவக்கவே கூடாது. சிவந்தால் அந்தத் திரவத்தை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, மாவு சோதனை. கரைத்த டம்ளரை அரை மணி நேரம் ஆடாமல் வைத்தால் மாவு அடியில் தங்கும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி இறுக்க வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் சோடாவும் நுரையும் போய் மாவு மட்டும் மிஞ்சும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டு விடுங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக்கல் மாவு. மிருதுவானது, பாத்திரத்தைக் கீறாது. கழுவாமல் நேரே சாறு விட்டால் சோடாவும் பொங்கும் என்பதால் நன்றாக இறுப்பது முக்கியம். சரியாகப் பொங்காவிட்டால் களிமண்ணாகவோ வேறு கல் மாவாகவோ மணலாகவோ இருக்கலாம். அப்போது மிஞ்சிய மாவில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஈரத் துணியால் அழுத்திப் பத்து முறை தேய்த்து, கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் மணலோ அதைப் போன்ற கடினமான கல் மாவோ சேர்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லோ களிமண்ணோ கண்ணாடியைக் கீறாது. கண்ணாடியைக் கீறுவது எவர்சில்வர் பளபளப்பையும் கீறும், கைத் தோலையும் கீறும்.

மெஸ்காரர் கட்டி இந்தச் சோதனையிலும் தேறவில்லை. அவருடைய தட்டுகள் வாங்கி ஓராண்டு ஆவதற்குள் பனி படிந்த மாதிரி மங்கிவிட்டதன் காரணமும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சங்கதி இதுதான்: மணல் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது, காரம் அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்குகிறது. தினம் மூன்று மணி நேரம் அதே தண்ணீரில் கை ஊறினால் தோல் எப்படித் தாங்கும்? வீட்டில் கால் மணி நேரம் பாத்திரம் கழுவுகிறவருக்கு ஒன்றும் செய்யாத கட்டி, நாலு வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் ஓட்டல் தொழிலாளிக்கும் புண்ணாக்கிவிடுவது இதனால்தான்.

அவருக்கு நாம் சொன்ன மாற்று இது. கட்டியை அடிப்பிடித்த சட்டிக்கும் தோசைக் கல்லுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது, அதுவும் விலாசம் உள்ள கம்பெனிக் கட்டி. தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றுக்கும் திரவம். திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்க்காமல், பெரிய தொட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அதில் கலந்து, தட்டுகளை அதில் ஊறப்போட்டு எடுப்பது. ஊறப்போடும் முன்பு மிச்சத்தை வழித்துப் போட்டுவிட வேண்டும். எண்ணெயும் குழம்புமாகத் தட்டைத் தொட்டியில் இறக்கினால் பத்து தட்டிலேயே தண்ணீர் செத்துவிடும்.

செலவுக் கணக்கையும் போட்டோம், ஏனென்றால் அவருக்கு முதல் கேள்வியே அதுதான். முன்பு நாள் ஒன்றுக்கு நாலு கட்டி, கட்டி 12 ரூபாய் என்று 48 ரூபாய் ஆகியிருக்கிறது. மாற்றிய பின் 5 லிட்டர் கேன் 450 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். நாள் ஒன்றுக்கு 300 மில்லி, 27 ரூபாய். சட்டிக்கு நல்ல கட்டி ஒன்று 20 ரூபாய். ஆக 47 ரூபாய். ஒரு ரூபாய் மிச்சம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலிவுக் கட்டி மலிவாக இல்லை என்பதுதான் இதில் தெரிவது. பேர் தெரியாத கட்டி தண்ணீர் பட்டதும் சொதசொதவென்று கரைந்து பாதி சாக்கடையில் போகிறது. இதையும் கடையில் பார்த்துவிடலாம். இரண்டு கட்டிகளை எடைபோட்டு, ஒரு தட்டில் பாதி மூழ்குமளவு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வைத்து, குழைந்ததை விரலால் வழித்துவிட்டு, காயவைத்து மறுபடி எடை போடுங்கள். எது எவ்வளவு இழந்தது என்பது தராசிலேயே தெரிந்துவிடும். கட்டியை டப்பாவில் அடைத்து விற்பது வசதிதான், ஆனால் டப்பாவுக்குள் தண்ணீர் தேங்கினால் நல்ல கட்டியும் குழைந்துதான் போகும். வாங்குகிறவரிடம் டப்பாவைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் கை சோப்பை மாற்றியதும் அடுத்த நாளே ஆறிவிடவில்லை. வெடித்த தோல் ஆற வாரக்கணக்கில் ஆகும். வேலை முடிந்ததும் கையை நல்ல தண்ணீரில் அலசி, விரல் இடுக்கு உட்பட ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது உதவும். நீர் வடிந்தாலோ, அரிப்பு நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கையுறை நல்லதுதான், ஆனால் உள்ளே சோப்புத் தண்ணீர் புகுந்தால் கையுறை இல்லாததைவிட மோசம். சிலருக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது.

இனி திரவத்தைப் பற்றி. இதிலும் பெரும்பாலும் அதே ஆசிட் ஸ்லரிதான். ஆனால் சோடாவால் அல்லாமல் காஸ்டிக்கால் அளந்து தணித்து, காரமும் இல்லாமல் அமிலமும் இல்லாமல் நிறுத்துகிறார்கள். அதோடு எஸ்.எல்.இ.எஸ். என்ற மற்றொரு நுரைச் சரக்கைச் சேர்க்கிறார்கள். ஷாம்பூவில் போடும் அதே சரக்கு. ஸ்லரியைவிடத் தோலுக்குச் சாந்தமானது, உப்புத் தண்ணீரிலும் தளராது. நல்ல திரவங்களில் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கும் பீட்டைன் என்ற பொருளும் கொஞ்சம் இருக்கும். அது நுரையை நிலைக்க வைக்கும், மற்றவற்றின் கடுமையையும் குறைக்கும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் கவனியுங்கள். போர் தண்ணீர் புழங்கும் ஊர்க்காரர்கள் கட்டியைவிடத் திரவத்தை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

திரவத்தில் நம்மவர்கள் ஏமாறுவது கெட்டியைப் பார்த்து. பாட்டிலைச் சாய்த்தால் தேன் மாதிரி இறங்குகிறது, ஆகவே ஸ்ட்ராங் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தச் சரக்கைக் கெட்டியாக்குவது சாதாரணச் சமையல் உப்பு. நுரைச் சரக்கு குறைவாக இருக்கும் திரவத்தையும் உப்பும் வேறு பசையும் சேர்த்துக் கெட்டியாக்கிவிட முடியும். அதேபோல எலுமிச்சை என்று போட்டிருப்பது பெரும்பாலும் வாசனையும் நிறமும்தான். எண்ணெய் எடுப்பதில் அதற்குப் பங்கு இல்லை. முதல் நுரையைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. எண்ணெய் பட்ட பிறகு நுரை எத்தனை தட்டுக்குத் தாங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்குத் தட்டுச் சோதனை செய்யலாம். ஒரு வாளியில் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, ஐந்து மில்லி திரவத்தை, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு கலக்குங்கள். எவர்சில்வர் தட்டுகளில் ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் வனஸ்பதியைப் பரவலாகப் பூசி, ஒவ்வொன்றாக அந்த வாளியிலேயே கழுவுங்கள். நுரை முழுவதும் அடங்கும்போது எத்தனை தட்டு முடிந்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்த திரவத்திற்கும் அதே தண்ணீர், அதே சூடு, அதே பூச்சு, முடிந்தால் அதே ஆளின் கை. ஒரு பாட்டில் 500 மில்லி 105 ரூபாய், இன்னொன்று 500 மில்லி 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் 100 ஸ்பூன் இருக்கிறது. ஆகவே முதலாவது ஸ்பூனுக்கு 105 பைசா, இரண்டாவது 60 பைசா. முதலாவது 12 தட்டு கழுவி, இரண்டாவது 6 தட்டோடு நின்றுவிட்டால், தட்டுக்கு முதலாவதில் ஒன்பது பைசாவுக்குக் கீழ், இரண்டாவதில் பத்து பைசா. இரண்டாவது 8 தட்டு கழுவினால் கணக்கு மாறிவிடும். அப்போது அதுதான் லாபம். விளம்பரக் கம்பெனிதான் எப்போதும் ஜெயிக்கும் என்று நாம் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சிறு தயாரிப்பாளர் சிலரின் திரவம் இந்தச் சோதனையில் நன்றாகவே நிற்கிறது. அவர்களுக்கு இடம் கொடுப்பதற்கும் இந்தக் கணக்கு உதவும்.

வனஸ்பதியை ஏன் சொன்னோம் என்றால், கொழுப்பெல்லாம் ஒரே மாதிரி அல்ல. கடலை எண்ணெய் பச்சைத் தண்ணீரிலும் இளகியே இருக்கும். வனஸ்பதியும் ஆட்டுக் கொழுப்பும் ஆறியதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். உறைந்ததற்குள் எந்த வாலும் சுலபமாகக் குத்தாது. பிரியாணிக் கடைக்காரர் வந்து சோப்பு சரியில்லை என்று சொன்னால், சோப்பைத் திருப்பி எடுப்பதற்கு முன்பு தண்ணீர் என்ன சூடு என்று கேளுங்கள். காய்ந்த இட்லி மாவுக்கும் சோற்றுப் பசைக்கும் இந்தச் சரக்கு எதுவுமே பெரிதாக உதவாது. அது ஊற வேண்டும், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்க்கும் நாரில் கவனிக்க வேண்டியது கம்பி நார். எவர்சில்வர் கம்பி என்று எழுதி, துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியைத் தருகிறவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்கக் காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது உதவாது. கம்பி நாருக்குப் பயன்படும் எவர்சில்வர் ரகமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டக்கூடியதுதான். அப்படி ஒட்டியதற்காக நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாரைச் சிறிது வினிகரில் போட்டு வைப்பதே சரியான வழி. துத்தநாகப் பூச்சாக இருந்தால் கம்பி மேல் சின்னக் குமிழிகள் கிளம்பும், பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகும். பிறகு உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தால் துரு தெரிந்துவிடும். எவர்சில்வருக்கு இதெல்லாம் ஆகாது. இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும் கம்பியும் வேண்டாம். அது விரலில் ஏறும், சோற்றிலும் விழும்.

பச்சை நாரில் நைலான் போன்ற இழைகளின் மேல் அரத்தூள் மாதிரியான கடினத் துகள்களைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். மலிவு ரகத்தில் இரண்டு நாளில் பச்சை கழன்று வெறும் இழை மிஞ்சும். விரல் நகத்தால் பலமாகச் சுரண்டினால் தூள் உதிர்கிறதா என்று பார்த்தாலே போதும். ஒட்டாத வகைத் தோசைக் கல்லுக்குப் பச்சை நாரும் ஆகாது, கம்பியும் ஆகாது, பஞ்சு மட்டுமே. அலுமினியச் சட்டிக்குக் காரம் மிகுந்த கட்டி ஆகாது. சட்டி கறுக்கும், கையும் கறுப்பாகும். வாடிக்கையாளர் அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார். பித்தளைக்கு நாம் விற்கும் எந்தக் கட்டியைவிடவும் புளி மேல்.

மேலுறையைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், விலாசம், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் பொட்டலத்தில் இருந்தாக வேண்டும். இல்லாத பொட்டலத்தை விற்றால் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்ற கடைக்காரரும் பொறுப்பாளி. வண்டியில் வந்து இறக்கிவிட்டுப் போனவரை அதிகாரி தேடிப் போக மாட்டார். நம் ரேக்கில்தான் அதைக் கண்டுபிடிப்பார். ஸ்கீமில் கிடைக்கும் கூடுதல் நாலு ரூபாயை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேலும் அப்படி வரும் கட்டிகளில் ஈரம் அதிகம். நாம் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்திருந்து இரண்டு மாதம் கழித்து எடை போட்டால், போட்டிருக்கும் எடைக்குக் குறைவாகவே இருக்கிறது. இறக்கும்போதே நாலு கட்டியைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது.

கடையில் வைக்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இந்தச் சோப்புகளின் வாசனை பொட்டலத்தைத் தாண்டிப் பரவும். டீத்தூள், ரவை, உதிரி அரிசி இவற்றிற்குப் பக்கத்திலோ ஒரே அலமாரியில் மேல் தட்டிலோ வைக்க வேண்டாம். திரவப் பாக்கெட்டுகளை எப்போதும் அடித் தட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டத்தின் மேல் வையுங்கள். ஒரு பாக்கெட் கசிந்தால் கீழே இருக்கும் ஒரு மூட்டை ரவை வீணாகும். அதற்கு எந்தக் கம்பெனியும் பணம் திருப்பித் தருவதில்லை.